மூழ்கிய கார் மறுபடி வருகிறது

போன வருடம் மாசி மாதம் மதுரையிலிருந்து தங்கை வீட்டுக்காரர் போன் செய்தார். கார் ஒன்று பார்த்திருக்கிறாராம். 2021 ஜூனில் வாங்கிய வெள்ளை செடான். ஒரே ஓனர். 31,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. அதே வருடத்து அதே மாடல் மற்ற இடங்களில் 6 லட்சத்து 20 ஆயிரத்துக்குக் குறையாமல் போகும்போது, இதற்கு 5 லட்சத்து 40 ஆயிரம் கேட்கிறார்களாம்.

“மச்சான், நாளைக்கு அட்வான்ஸ் குடுக்கலாம்னு இருக்கேன். நீங்களும் ஒரு தடவை வந்து பாத்துட்டா நல்லது” என்றார்.

“மாப்பிள்ளை, அட்வான்ஸ் மட்டும் இப்ப வேண்டாம். நம்பர் என்னன்னு சொல்லுங்க” என்றேன்.

டி.என். 11 என்று ஆரம்பித்தது. தாம்பரம். அந்த ஒரு எண்ணை வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்துவிட முடியாது. தாம்பரத்தில் பதிவான வண்டிகளில் பெரும்பாலானவை நல்ல வண்டிகள்தான். ஆனால் 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் மழையில் முடிச்சூர், மேற்கு தாம்பரம், பள்ளிக்கரணை, வேளச்சேரி பக்கமெல்லாம் தெருவில் நின்ற கார்கள் எப்படி மிதந்தன என்று நாம் எல்லோரும் பார்த்தோம். தண்ணீர் வடிந்த பிறகு அந்தக் கார்கள் லாரிகளில் ஏறிப் போனதையும் பார்த்தோம். அவை எங்கே போயின என்று யாரும் பின்தொடர்ந்து போய்ப் பார்க்கவில்லை. அவற்றில் ஒன்றுதான் மதுரையில் நின்றுகொண்டிருந்தது என்பது எங்களுக்கு மறுநாள் மாலைதான் உறுதியானது.

இந்த வியாபாரத்தில் ‘டோட்டல் லாஸ்’ என்று ஒரு சொல் புழங்குகிறது. கேட்டால் அப்பளம்போல நொறுங்கிய வண்டி ஒன்று மனதில் வரும். உண்மையில் இது கணக்குச் சொல். வண்டி எவ்வளவு கெட்டது என்பதை இது சொல்வதில்லை. ரிப்பேர் செலவு எவ்வளவு என்பதைத்தான் சொல்கிறது. நம் நாட்டு மோட்டார் இன்ஷூரன்ஸ் பாலிசியில் ‘ஐடிவி’ என்று ஒரு தொகை போட்டிருக்கும். வண்டி முழுதாகப் போய்விட்டால் கம்பெனி தர ஒப்புக்கொண்ட மதிப்பு அது. புதுக் காரின் விலையிலிருந்து வயதுக்கு ஏற்பத் தேய்மானம் கழித்து அதைப் போடுவார்கள். இரண்டு முதல் மூன்று வயதுக்குள் இருக்கும் வண்டிக்கு 30 சதவீதம் கழியும். ரிப்பேர் செலவு அந்த ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டிவிட்டால் அதை டோட்டல் லாஸ் என்று முடித்துவிடுவார்கள்.

தங்கை வீட்டுக்காரர் பார்த்த கார் மாதிரி ஒன்றை வைத்தே கணக்குப் போடலாம். புதிதாக 10 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டரை வயதில் மூழ்கினால் ஐடிவி 7 லட்சம். அதில் 75 சதவீதம் 5 லட்சத்து 25 ஆயிரம். கம்பெனி சர்வீஸ் சென்டரில் வண்டியைப் பிரித்துப் பார்க்கிறார்கள். அவர்கள் எதையும் காயவைத்துத் திரும்பப் போடமாட்டார்கள். தண்ணீர் பட்ட ஒவ்வொன்றையும் புதிதாக மாற்றுவதாகத்தான் எஸ்டிமேட் எழுதுவார்கள். வயரிங் முழுவதும், ஏர்பேக் கன்ட்ரோல் பெட்டி, பாடி கன்ட்ரோல் பெட்டி, சீட்டுகள், தரைவிரிப்பு, ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர், இன்ஜின் வேலை என்று அடுக்கினால் ஐந்தரை லட்சம் எளிதாகத் தாண்டும். டோட்டல் லாஸ் முடிவாகிவிடுகிறது. ஓனருக்கு 7 லட்சத்தில் சின்னப் பிடித்தம் போக மீதி கிடைக்கிறது. இதுவரை எல்லாம் நியாயமாகவே நடக்கிறது.

சிக்கல் இதற்குப் பிறகுதான். இன்ஷூரன்ஸ் கம்பெனி கார் விற்கும் கம்பெனி அல்ல. அது மிச்சமான வண்டியை ஆன்லைன் ஏலத்தில் விடுகிறது. இல்லாவிட்டால் வண்டியை ஓனரிடமே விட்டுவிட்டு, அதன் மிச்ச மதிப்பைக் கழித்துக்கொண்டு பணம் கொடுக்கிறது. எப்படிப் போனாலும் வண்டி கடைசியில் அதையே தொழிலாகச் செய்பவர் கைக்கு வருகிறது. அவர் 2 லட்சத்து 20 ஆயிரத்துக்கு எடுத்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி எஸ்டிமேட்டில் இருந்த ஐந்தரை லட்சத்து வேலையை அவர் செய்யப்போவதில்லை. சீட்டைக் கழற்றி வெயிலில் போடுவார். வயரிங்கைத் தண்ணீர் விட்டுக் கழுவி ஸ்பிரே அடித்து உலர்த்துவார். கெட்டுப்போன பெட்டிகளுக்குப் பதில், வேறு வண்டியிலிருந்து கழற்றியதை வாங்கிப் போடுவார். தரைவிரிப்பு மட்டும் புதிது. பாலிஷ், வாசனை எல்லாம் சேர்த்து ஒன்றேகால் லட்சத்துக்குள் முடித்துவிடலாம். வண்டிக்கு அவர் போட்ட முதல் மூன்றரை லட்சத்துக்குள். ஐந்து லட்சத்து நாற்பதுக்கு விற்றால் கிடைக்கும் லாபத்தை நீங்களே கணக்குப் பார்த்துக்கொள்ளலாம். எண்பதாயிரம் குறைத்துத் தருகிறார் என்று வாங்குபவரும் மகிழ்ச்சியோடு போவார்.

டோட்டல் லாஸ் வண்டியை ரிப்பேர் செய்து ஓட்டுவதும் விற்பதும் தன்னளவில் குற்றமில்லை. முகப்பில் மட்டும் இடித்துக்கொண்ட பழைய வண்டி, உதிரிப்பாகம் விலை அதிகம் என்பதாலேயே டோட்டல் லாஸ் ஆகிவிடுவது உண்டு. அதைத் தெரிந்தவர் ஒழுங்காகக் கட்டி, இது இன்ன வண்டி என்று சொல்லி, அதற்கேற்ற விலையில் விற்றால் அது நேர்மையான வியாபாரம். என் கோபமெல்லாம் சொல்லாமல் விற்பதன் மேல்தான். அதுவும் மூழ்கிய வண்டியைச் சொல்லாமல் விற்பதன் மேல். இடிபட்ட வண்டியின் சேதம் அன்றே முழுதாக நடந்து முடிந்துவிடும். மூழ்கிய வண்டியின் சேதம் அன்றுதான் ஆரம்பிக்கிறது. வயர் முனைகள் சேரும் கனெக்டருக்குள் போன சேற்றுத் தண்ணீர் செம்பை மெல்ல மெல்லப் பச்சை பூக்கவைக்கும். ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து, ஒரு நாள் பவர் ஸ்டீயரிங் விளக்கு எரியும். இன்னொரு நாள் கண்ணாடி இறங்காது. மெக்கானிக் ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கிளம்பும்.

எல்லாவற்றிலும் மோசமானது ஏர்பேக். அதை இயக்கும் பெட்டி பெரும்பாலான கார்களில் இரண்டு முன்சீட்டுகளுக்கும் நடுவே, கியர் கம்பிக்கு அருகில், தரையோடு ஒட்டித்தான் இருக்கும். கணுக்கால் அளவுத் தண்ணீர் உள்ளே வந்தாலே அது நனைந்துவிடும். இடித்த நேரத்தில் ஏர்பேக் விரியாமல் போகலாம். அந்தக் காரில் என் தங்கையும் அவள் பிள்ளைகளும் போவார்கள் என்பதால்தான் நான் அடுத்த பஸ் பிடித்து மதுரைக்குப் போனேன்.

அமெரிக்காவில் இப்படி ஒரு வண்டி டோட்டல் லாஸ் ஆனால், பல மாநிலங்களில் அதன் உரிமைப் பத்திரத்திலேயே அந்த முத்திரை விழுந்துவிடும். மறுபடி கட்டி ஓட்டினாலும் ‘மறுபடி கட்டியது’ என்ற முத்திரை அதோடு கூடவே போகும். அங்கேயும் ஏமாற்று உண்டு. ஆனால் கேட்டுப் பார்க்க ஓர் இடமாவது இருக்கிறது. நம் ஆர்சி அட்டையில் அப்படி ஒரு கட்டமே கிடையாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, ஒரு வண்டி அழிந்துபோனாலோ நிரந்தரமாகப் பயன்படாமல் போனாலோ ஓனர் 14 நாளுக்குள் ஆர்டிஓவிடம் தெரிவித்து ஆர்சியை ஒப்படைக்க வேண்டும் என்கிறது. ஆனால் டோட்டல் லாஸ் என்பது ‘ரிப்பேர் செய்வது கட்டுப்படி ஆகாது’ என்பதுதானே தவிர, ‘பயன்படவே படாது’ என்பதல்ல. இந்தச் சந்து வழியாகத்தான் ஆர்சி உயிரோடு வெளியே வந்துவிடுகிறது.

சரி, மதுரைக்கு வருவோம். கூட ஒரு மெக்கானிக் அண்ணனையும் கூட்டிக்கொண்டு போனோம். முப்பது வருடம் டிங்கரிங், மெக்கானிக் இரண்டும் பார்த்தவர். வண்டியை முதலில் பார்த்தபோது எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. பளபளவென்று நின்றது. அவர் பெயின்ட் பக்கமே போகவில்லை. எல்லாக் கதவுகளையும் கண்ணாடிகளையும் மூடச் சொல்லிவிட்டு, உள்ளே உட்கார்ந்து, ஏசியை வெளிக்காற்று வராதபடி உட்சுற்றில் வைத்து, அஞ்சு நிமிஷம் பேசாமல் இருந்தார். மல்லிகை வாசனை ஸ்பிரே முதலில் வந்தது. அதற்கு அடியில் இன்னொரு வாடை மெல்ல எழுந்தது. மழைக்காலத்தில் காயாத போர்வையில் வருமே, அது.

“வாசனைய வெச்சு வண்டிய வேண்டாம்னு சொல்லக்கூடாது சார். தேட ஆரம்பிக்கலாம்” என்றார்.

அடுத்து டிரைவர் சீட் பெல்ட்டைப் பிடித்து இழுத்தார். நாம் மாட்டிக்கொள்ளும் அளவுக்கு மட்டும் இழுக்கவில்லை. சுருளின் கடைசி வரைக்கும், இனி வராது என்னும் வரைக்கும் இழுத்தார். பெல்ட்டின் முதல் பாதி சுத்தமாக இருந்தது. சுருளுக்குள்ளேயே எப்போதும் தங்கிவிடும் கடைசிப் பகுதியில், டீக்கறை மாதிரி ஒரு கோடு குறுக்கே ஓடியது. சுருள் தூணின் அடியில் இருக்கிறது. தண்ணீர் அந்த உயரம் வரை நின்றால் பெல்ட் அதைக் குடித்துக்கொள்ளும். வெளியே தெரியும் பகுதியைத் துவைத்துவிடலாம். அந்தக் கடைசி முழத்தை யாரும் இழுத்துப் பார்ப்பதில்லை என்பதால் விட்டுவிடுகிறார்கள். சில வண்டிகளில் பெல்ட்டையே மாற்றிவிடுவார்கள். அதற்கும் ஒரு வழி உண்டு. பெல்ட்டின் அடியில் தைத்திருக்கும் சின்னச் சீட்டில் அது தயாரான தேதி இருந்தால், வண்டி தயாரான மாதத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வண்டியைவிட பெல்ட் இளையதாக இருந்தால் அது மாற்றிப் போட்டது. வெள்ளம் இல்லையென்றாலும், பெரிய விபத்தில் பெல்ட்டை இறுக்கும் வெடிப்பொறி வேலை செய்து, அதனால் மாற்றியிருக்கலாம். எதுவாக இருந்தாலும் ஏன் மாற்றினீர்கள் என்று கேட்க உங்களுக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

பிறகு சீட்டைப் பின்னால் தள்ளிவிட்டுத் தரையில் குனிந்து டார்ச் அடித்தார். சீட் தண்டவாளத்தைத் தரையோடு பிடித்திருக்கும் போல்ட்டுகள் துருப்பிடித்திருந்தன. காருக்குள் இருக்கும் போல்ட் நாலு வருடத்தில் துருப்பிடிக்க எந்த நியாயமும் இல்லை. அதோடு அவற்றின் தலைகளில் ஸ்பேனர் பிடித்த தடமும் இருந்தது. சீட்டைக் கழற்றியிருக்கிறார்கள். சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிறத்தில் ஒரு கனெக்டர் போகும். மஞ்சள் என்றால் ஏர்பேக் சம்பந்தப்பட்ட வயர். அதைத் தொடாதீர்கள் என்று எனக்குச் சொன்னார். பக்கத்தில் இருந்த சாதாரண கனெக்டரைக் காட்டினார். ஓரத்தில் பச்சை பூத்திருந்தது.

டிக்கியில் ஸ்டெப்னி எடுத்தார். அந்தக் குழியைக் கழுவிவிட்டிருந்தார்கள். ஆனால் இரும்புத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று மடிந்து ஒட்டியிருக்கும் இடுக்கில் விரலை விட்டு இழுத்தார். நைசான வண்டல் வந்தது. ஆற்று மண் இல்லை, சாக்கடையும் மழைநீரும் கலந்து படிந்த சாம்பல் நிறச் சேறு. சென்னைக்காரனான எனக்கு அந்த நிறம் நன்றாகத் தெரியும்.

இந்த இடத்திலேயே நாங்கள் திரும்பியிருக்கலாம். ஆனால் விற்பவர் பக்கத்தில் நின்றுகொண்டு, “ஒரு தடவை வாட்டர் வாஷ்ல தண்ணி உள்ள போயிடுச்சு அண்ணே” என்றார். அப்படியும் இருக்கக்கூடும். அதனால் மேலும் இரண்டு காரியம் செய்தோம்.

முதலாவது சாவியைத் திருப்பியது. இன்ஜின் எடுக்காமல் சாவியை ‘ஆன்’ நிலையில் வைத்தால் மீட்டரில் எல்லா விளக்குகளும் எரியும். ஏர்பேக் விளக்கு சில நொடி எரிந்து தானாக அணைய வேண்டும். ஏர்பேக் பெட்டி தன்னைத்தானே சோதித்துக்கொண்டு நல்லபடியாக இருக்கிறேன் என்று சொல்வது அது. எரிந்துகொண்டே இருந்தால் கோளாறு. எரியவே இல்லை என்றால் அது இன்னும் மோசம். பல்பைக் கழற்றியோ வயரை அறுத்தோ மறைத்திருக்கிறார்கள். மூன்றாவது ஏமாற்றும் உண்டு. ஏர்பேக் விளக்கின் வயரை ஆயில் பிரஷர் விளக்கின் வயரோடு சேர்த்துவிடுவார்கள். அப்போது இன்ஜின் ஸ்டார்ட் ஆகும் நொடியில் இரண்டும் சேர்ந்தே அணையும். இன்ஜின் எடுக்காமலேயே ஏர்பேக் விளக்கு தனியாக அணைகிறதா என்று பார்ப்பது அதனால்தான். இந்த வண்டியில் தனியாக அணைந்தது. வேறு பெட்டி வாங்கிப் போட்டிருந்தார்கள் என்பது அடுத்த சோதனையில் தெரிந்தது.

ஸ்டீயரிங்குக்குக் கீழே மெக்கானிக்குகள் ஸ்கேனர் மாட்டும் ஒரு சாக்கெட் இருக்கும். அண்ணன் தன் ஸ்கேனரை அதில் மாட்டினார். கோளாறு எதுவும் பதிவாகவில்லை என்று காட்டியது. விற்பவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. அண்ணன் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். பல கார்களில் ‘கோளாறுப் பதிவுகளை அழித்த பிறகு ஓடிய தூரம்’ என்று ஒரு கணக்கு இருக்கும். அது 6 கிலோமீட்டர் என்றது. நாங்கள் வருவதற்குச் சற்று முன்தான் யாரோ அழித்திருக்கிறார்கள். பிறகு ஒவ்வொரு பெட்டியிலும் பதிந்திருக்கும் சேஸிஸ் நம்பரைப் படிக்கவைத்தார். இன்ஜின் பெட்டியில் இருந்த 17 எழுத்து எண் ஆர்சியில் இருந்ததோடு பொருந்தியது. ஏர்பேக் பெட்டியில் இருந்தது வேறு எண். அது வேறு ஏதோ ஒரு காரின் பெட்டி. எல்லா ஸ்கேனரும் எல்லாப் பெட்டியிலும் இதைப் படிக்காது. நல்ல கருவி வைத்திருக்கும் மெக்கானிக்காகப் பார்த்துக் கூட்டிப்போவது இதற்காகத்தான்.

இடித்து டோட்டல் லாஸ் ஆன வண்டிகளுக்கு வேறு தடயங்கள் உண்டு. அதையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பானெட்டைத் தூக்கி, ரேடியேட்டரைத் தாங்கும் முன் குறுக்குத் தகட்டையும் இரண்டு பக்க ஏப்ரனையும் பாருங்கள். தொழிற்சாலையில் ரோபோ வைத்த ஸ்பாட் வெல்டிங் சின்ன வட்டக் குழிகளாக, ஒரே இடைவெளியில் வரிசையாக இருக்கும். ஒரு பக்கம் அப்படி இருந்து மறுபக்கம் வழவழப்பாகவோ, கையால் வைத்த வெல்டிங் மேடாகவோ இருந்தால் அந்தப் பக்கம் அறுத்து ஒட்டியது. மட்கார்டு, பானெட் போல்ட்டுகளின் தலையில் பெயின்ட் சிராய்ந்திருக்கிறதா என்றும் பார்க்கலாம். ஆனால் மட்கார்டு மாற்றியது சின்ன விஷயம். அதற்காக நல்ல வண்டியைத் தள்ளிவிட வேண்டாம். ஏப்ரன், பில்லர், சேஸிஸ் கம்பி, இந்த மூன்றில் கை வைத்திருந்தால் மட்டும் விலகிவிடுங்கள்.

இத்தனையையும் சொன்னாலும், திறமையான கை கழுவிக் கட்டினால் வண்டியின் உடம்பில் தடயமே இல்லாமல் செய்துவிட முடியும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வண்டியைக் கழுவலாம், பேப்பரைக் கழுவ முடியாது. எங்களுக்கு முடிவு கிடைத்ததும் பேப்பரில்தான்.

விற்பவரிடம் இன்ஷூரன்ஸ் பேப்பர் எல்லாம் கேட்டோம். இப்போது நடப்பில் இருப்பதை மட்டும் நீட்டினார். 2024 செப்டம்பரில் எடுத்தது, மூன்றாம் தரப்பு பாலிசி மட்டும். முழு பாலிசி இல்லை. “பழைய பாலிசி?” என்று கேட்டோம். தேடிப்பார்த்துவிட்டு ஒரு நகல் கொடுத்தார். 2023 ஜூனில் எடுத்த முழு பாலிசி, நோ கிளெய்ம் போனஸ் 25 சதவீதம். இந்த இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 25 சதவீதம் போனஸ் என்றால் தொடர்ந்து இரண்டு வருடம் கிளெய்ம் இல்லாமல் ஒழுங்காகக் கட்டிய மனிதர். அடுத்த ஜூனில் அது 35 ஆகியிருக்க வேண்டும். அப்படிப்பட்டவர் மூணு வயதுக் காருக்கு முழு பாலிசியைப் புதுப்பிக்காமல் மூன்று மாதம் ஏன் சும்மா விட்டார்? ஓனர் வெளிநாடு போயிருந்தார் என்றார் விற்பவர்.

டோட்டல் லாஸ் பணம் கொடுத்ததும் இன்ஷூரன்ஸ் கம்பெனி அந்தப் பாலிசியை முடித்துவிடும். பிறகு முழு பாலிசி எடுக்க வேண்டுமானால் விட்டுப்போன பாலிசி என்று ஆள் வந்து வண்டியைப் பார்ப்பார்கள். மூன்றாம் தரப்பு பாலிசிக்கு வண்டியை யாரும் பார்ப்பதில்லை. அதனால்தான் இந்த வண்டிகள் நடுவில் ஓர் இடைவெளியோடும், அதற்குப் பிறகு மூன்றாம் தரப்பு பாலிசியோடும் வருகின்றன. அந்த இடைவெளி சென்னை, செங்கல்பட்டு வண்டிகளில் 2023 டிசம்பருக்குப் பிறகோ, தூத்துக்குடி, திருநெல்வேலி வண்டிகளில் அதே மாதம் 17, 18 தேதி மழைக்குப் பிறகோ விழுந்திருந்தால் உங்கள் சந்தேகத்துக்கு வலு கூடுகிறது. இடைவெளி இருப்பதாலேயே வண்டி மூழ்கியது என்று ஆகிவிடாது. பாலிசி கட்ட மறந்தவர்களும் இருக்கிறார்கள். போனஸ் என்பதும் வண்டிக்கு இல்லை, ஆளுக்குத்தான். கை மாறிய வண்டியில் புது ஓனருக்கு அது பூஜ்யத்தில் ஆரம்பிக்கும். ஒரே ஓனர் என்று சொல்லப்படும் வண்டியில் போனஸ் காணாமல் போனால்தான் கேள்வி.

அடுத்து, தாம்பரம் பக்கம் அந்த மாடலை கவனிக்கும் சர்வீஸ் சென்டர்களில் நம்பரைச் சொல்லிக் கேட்டோம். வாங்கப்போகிறவருக்கு எல்லா இடத்திலும் விவரம் தருவதில்லை. இரண்டாவது இடத்தில் இருந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, “2023 டிசம்பர்ல டோ பண்ணி உள்ள வந்திருக்கு சார். எஸ்டிமேட் போட்டிருக்கு. பில் இல்ல” என்றார். அன்றைக்கு மீட்டர் எவ்வளவு என்று கேட்டோம். 30,612.

எங்கள் முன் நின்ற வண்டியின் மீட்டர் 31,040. பதினாலு மாதத்தில் 428 கிலோமீட்டர்.

கடைசியாக ஆர்சியில் இருந்த ஓனரைத் தேடினோம். பழைய பாலிசி நகலில் அவர் போன் நம்பர் இருந்தது. தயக்கத்தோடுதான் அழைத்தேன். “சார், உங்க வெள்ளைக் கார மதுரையில விக்கிறாங்க. அதப் பத்திக் கேக்கணும்” என்றதும் கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை. “அந்த வண்டி தண்ணியில போயிடுச்சே சார். இன்ஷூரன்ஸ்ல எடுத்துக்கிட்டாங்க. ஆர்சி, சாவி எல்லாம் குடுத்துட்டேனே. இன்னுமா ஓடுது?” என்றார். வண்டி இன்னும் அவர் பெயரிலேயே இருக்கிறது என்பதும், போன செப்டம்பரில் அவர் பெயரில் ஒரு பாலிசி எடுக்கப்பட்டிருக்கிறது என்பதும் அவருக்கு நான் சொல்லித்தான் தெரிந்தது.

இந்த வியாபாரத்தில் இது வழக்கம். பெயர் மாற்றுவதற்கான 29, 30ஆம் எண் படிவங்களில் கையெழுத்து மட்டும் வாங்கி, வாங்குபவர் பெயரை நிரப்பாமல் வைத்துக்கொள்கிறார்கள். வண்டி மூன்று கை மாறினாலும் ஆர்சியில் ‘ஒரே ஓனர்’ என்றுதான் இருக்கும். எங்களிடம் சொன்ன ‘ஒரே ஓனர்’ அதுதான். அந்த மனிதருக்கு இருக்கும் ஆபத்து சின்னதல்ல. நவீன் குமார் எதிர் விஜய் குமார் என்ற வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம், விபத்து நடந்த நாளில் ஆர்டிஓ பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டப்படி ஓனர், நஷ்டஈட்டுப் பொறுப்பும் அவருக்கே என்று தீர்ப்பு சொல்லியிருக்கிறது. விற்றுவிட்டேன் என்ற பேச்சு அவரைக் காப்பாற்றவில்லை. அவரை அடுத்த நாளே இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் ஆர்டிஓவுக்கும் எழுத்தில் கொடுக்கச் சொன்னேன். வெள்ளத்தில் காரை இழந்து இன்ஷூரன்ஸ் பணம் வாங்கிய எல்லோருக்கும் இதைச் சொல்ல விரும்புகிறேன்: பரிவாகன் தளத்தில் உங்கள் பழைய நம்பரைப் போட்டு, அது இன்னும் உங்கள் பெயரில் உயிரோடு இருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள்.

இதைவிடக் கொடுமையான ஒரு வழியும் இருக்கிறது. சிலர் டோட்டல் லாஸ் வண்டியை வாங்குவது வண்டிக்காக அல்ல, அதன் ஆர்சிக்காக. அதே மாடலில், அதே நிறத்தில் ஒரு காரைத் திருடி, மூழ்கிய வண்டியின் சேஸிஸ் நம்பர் குத்திய தகட்டை அறுத்து அதில் ஒட்டிவிடுகிறார்கள். இப்படிச் செய்த கும்பல்களைப் பல மாநிலப் போலீசார் பிடித்திருக்கிறார்கள். அந்த வண்டி ஓடுவதில் ஒரு குறையும் இருக்காது. ஒரு நாள் போலீஸ் வந்து எடுத்துப் போகும்போது பணமும் போய்விடும். சேஸிஸ் நம்பர் குத்திய இடத்தை டார்ச் அடித்து விரலால் தடவிப் பாருங்கள். எழுத்துகள் ஒரே ஆழத்தில், ஒரே வரியில் இருக்க வேண்டும். சுற்றிலும் கிரைண்டர் ஓடிய தடமோ, வெல்டிங் கோடோ, அந்த இடத்தில் மட்டும் புதுப் பெயின்டோ இருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

தங்கை வீட்டுக்காரர் அந்தக் காரை வாங்கவில்லை. விற்பவரிடம் நாங்கள் கண்டுபிடித்ததைச் சொன்னபோது அவர் சண்டைக்கு வரவில்லை. “எனக்கே இது தெரியாதுண்ணே, நானும் இன்னொருத்தர்ட்ட எடுத்ததுதான்” என்றார். அது உண்மையாகவும் இருக்கலாம். அடுத்த வாரம் அந்த இடத்தைத் தாண்டிப் போனபோது வண்டி அங்கே இல்லை என்று மாப்பிள்ளை போனில் சொன்னார்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களும் இதைப் படிக்கக்கூடும். கடையில் வாங்கியிருந்தால், மறைத்து விற்றார்கள் என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போடலாம். விளம்பரத்தில் ‘விபத்து இல்லாதது’ என்று போட்டிருந்தால் அந்தப் படம், வாட்ஸ்அப்பில் நடந்த பேச்சு, சர்வீஸ் சென்டர் பதிவு எல்லாம் சாட்சியாகும். தனி ஆளிடம் வாங்கியிருந்தால் அந்த ஆணையத்துக்கு வழி இல்லை. சிவில் வழக்கோ போலீஸ் புகாரோதான். அதற்குள் முதல் வேலையாக ஏர்பேக் பெட்டியையும் பிரேக் வயரிங்கையும் கம்பெனி சர்வீஸ் சென்டரில் சோதித்துவிடுங்கள். வண்டியை விற்க நேர்ந்தால் உண்மையைச் சொல்லி விற்றுவிடுங்கள்.

வாங்கப்போகிறவர்களுக்கு ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் முந்தைய வருடத்துப் பாலிசியைக் கேளுங்கள். ஆர்சியில் இருக்கும் பெயருக்குரியவரை அழைத்து, “இந்த வண்டிக்குப் பெரிய கிளெய்ம் ஏதாவது வாங்கினீர்களா?” என்று கேளுங்கள். விற்பவர் அந்த நம்பரைத் தர மறுத்தால் வண்டியை வாங்காதீர்கள்.